கால்தான் நேராகிவிட்டதே, கம்பி ஷூ இன்னும் எதற்கு?

கேள்வி: நகரி பக்கம் இருக்கோம். பையனுக்கு ஏழு மாசம். பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமா வளைஞ்சிருந்தது. ஆறு மாவுக்கட்டு போட்டு, குதிகால் நரம்பை வெட்டி, இப்போ பார்க்க நேரா இருக்கு. கம்பி வெச்ச ஷூவை ராத்திரி மாட்டினா அழறான், குதிகால் வெளியே வந்துடுது. நேரானப்புறம் இந்தக் கொடுமை எதுக்கு, புத்தூர்ல ஒரு கட்டு கட்டிக்கலாம்னு மாமியார் சொல்றாங்க. நாலு வயசு வரைக்கும் நிஜமாவே போடணுமா? நிறுத்தினா என்ன ஆகும்?

பதில்: போட வேண்டும். முன்னதாக நிறுத்திய குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பாதம் திரும்ப வளைகிறது. அது ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன், குதிகால் வெளியே வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பார்த்துவிடுவோம். நான் பிசியோதெரபிஸ்ட். எல்லைப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் வளைபாதக் குழந்தைகளுக்குப் பல வருடங்கள் மாவுக்கட்டு போட்டிருக்கிறேன். வெட்டுவது மருத்துவர் வேலை, அப்போது காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது என் வேலை.

குதிகால் வெளியே வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஷூவைச் சரியாக இறுக்காமல் இருக்கலாம். அல்லது பாதம் மறுபடி கீழ்நோக்கி இறங்க ஆரம்பித்திருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் குதிகால் உள்ளே உட்காராது, குழந்தை அழுவதும் நிற்காது. எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். பையன் தூங்கும்போது முழங்காலை நீட்டி வைத்து, உங்கள் உள்ளங்கையில் பாதம் முழுவதையும் தாங்கி, மேல்நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். விரல் பக்கத்தை மட்டும் தள்ளக் கூடாது. அப்படித் தள்ளினால் நடுப்பாதம் வளைந்து கொடுத்து, நன்றாக மேலே வருவது போலக் காட்டிவிடும். பாதம் காலுக்குச் செங்கோணத்தில் வந்து, அதையும் தாண்டிச் சுமார் 15 டிகிரி மேலே சாய வேண்டும். இடது காலிலும் இதையே செய்து பாருங்கள். வலது பாதம் செங்கோணத்துக்கே வந்து முட்டி நின்றாலோ, குதிகாலுக்கு மேலே பின்பக்கம் ஆழமான ஒரு மடிப்பு விழுந்தாலோ, அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கட்டு போட்டவரிடம் காட்டுங்கள்.

இனி, ஏன் திரும்ப வளைகிறது என்பது. பிறந்த குழந்தையின் பாத எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கும். வளைபாதத்தில் அவற்றை உள்பக்கமாகவும் கீழாகவும் இழுத்துப் பிடித்திருப்பது பாதத்தின் பின்பக்கத்திலும் உள்பக்கத்திலும் உள்ள, எலும்பை எலும்போடு சேர்க்கும் தசைநார்களும் தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாண்களும்தான். அவை வழக்கத்தைவிடத் தடித்து, குட்டையாக இருக்கின்றன. ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இப்படி அமைகிறது. ஆண் குழந்தைகளுக்குச் சுமார் இரண்டு மடங்கு. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததால் வந்தது, ஏதோ நறுக்கியதால் வந்தது என்று யாராவது உங்களைக் குறை சொல்லியிருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் உண்மை இல்லை.

மாவுக்கட்டு அந்தத் தசைநார்களை நீட்டித்தான் கொடுத்தது, அவற்றின் குணத்தை மாற்றவில்லை. உங்கள் பக்கம் தறி ஓடுகிற ஊர், நூலைச் சொன்னால் புரியும். துணியிலிருந்து உருவிய நூல் அலை அலையாக நிற்கும், மெதுவாக இழுத்தால் அலை நிமிரும். தசைநாரின் இழைகளும் அப்படித்தான். இழுத்து, கட்டுக்குள் சில நாள் அசையாமல் வைத்தால், நீண்ட அந்த அளவிலேயே புது அலை விழுகிறது. அப்புறம் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்றுவது இதனால்தான். ஆனால் திரும்பச் சுருங்கும் போக்கு அந்தத் திசுவுக்குள்ளேயே இருக்கிறது. முதல் வருடம் அது மிக வேகமாக இருக்கும், பிறகு குறைந்துகொண்டே வந்து நான்கு, ஐந்து வயதில் அடங்கும். நாலு வயது என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

இந்த முறையை அமைத்தவர் இக்னாசியோ பொன்செட்டி. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 1914இல் பிறந்தவர், அமெரிக்காவின் அயோவாவில் வேலை பார்த்தவர். சிறு வயதில் பாதத்தை விரித்து அறுவை சிகிச்சை செய்தவர்களின் கால்கள் பின்னாளில் விறைத்து வலிப்பதைப் பார்த்துத்தான் கட்டு முறைக்குத் திரும்பினார். அவருக்கு முன்பும் மாவுக்கட்டு இருந்தது. வேறுபாடு கையை எங்கே வைப்பது என்பதில். முன்பெல்லாம் பாதத்தின் வெளி விளிம்பின் நடுவில் அழுத்தி, குதிகாலையும் பிடித்துத் திருப்புவார்கள். பொன்செட்டி முறையில் கட்டு போடுபவரின் கைக் கட்டைவிரல், குழந்தையின் கணுக்காலுக்கு முன்னால், வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் டாலஸ் எலும்பின் தலையில் நிற்கும். அதை அச்சாக வைத்து மீதிப் பாதம் முழுவதையும் வெளிப்பக்கம் நகர்த்த வேண்டும். குதிகாலைத் தொடவே கூடாது, தொட்டால் அது நகராமல் தடைப்படும். விட்டுவிட்டால் பாதத்தோடு தானே வெளியே திரும்பி வரும். நான் பழக ஆரம்பித்தபோது என் கை என்னை அறியாமல் குதிகாலுக்குத்தான் போகும். அந்த வாரங்களில் கட்டைப் பிரித்தால் பாதம் போன வாரம் போலவே இருக்கும்.

உங்கள் பையனின் முதல் கட்டைப் பிரித்தபோது பாதம் இன்னும் அதிகமாக உள்ளே புரண்டு தெரிந்திருக்கும். பல பெற்றோர் அங்கேயே பயந்து நின்றுவிடுகிறார்கள். அது பிழையில்லை. வளைபாதத்தில் கட்டைவிரல் பக்கத்து முன்பாதம் கீழே தொங்குவதால் உள்ளங்காலில் ஒரு குழி விழுந்திருக்கும். முதலில் அதைத் தூக்கி முன்பாதத்தையும் பின்பாதத்தையும் ஒரே சீராக்க வேண்டும், அப்புறம்தான் வெளிப்பக்கம் நகர்த்தலாம். வாரா வாரம் நகர்த்தி, கடைசிக் கட்டில் பாதம் 60 முதல் 70 டிகிரி வரை வெளிப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். கட்டு தொடை வரை, முழங்காலைச் செங்கோணத்தில் மடக்கிப் போட வேண்டும். முழங்காலுக்குக் கீழே நிறுத்தினால் கட்டு நழுவும், பாதமும் உள்ளே சுழன்றுவிடும்.

கடைசியில் பின்பக்க இறுக்கம் மட்டும் மிஞ்சும். அதற்குத்தான் வெட்டு. வெட்டியது நரம்பு இல்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு சேர்க்கும் அக்கிலிஸ் என்ற தசைநாண் அது. மற்றவை நீள்கின்றன, இந்தக் கயிறு மட்டும் இழுத்தால் அவ்வளவாக நீள்வதில்லை. பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இது தேவைப்படுகிறது. வெட்டாமல் முன்பாதத்தைத் தள்ளி மேலே கொண்டுவரப் பார்த்தால், குதிகால் மேலேயே நிற்க நடுப்பாதம் உடைந்து, உள்ளங்கால் படகின் அடி போல வெளியே வளைந்துவிடும். அந்தக் கெடுதலைச் சரிசெய்வது முதலில் இருந்த வளைவைவிடக் கடினம். குதிகாலுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே, மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கத்தியை ஊசி நுழைவது போல நுழைத்து வெட்டுவார்கள். டப்பென்று ஒரு விடுபடல் கைக்குத் தெரியும். பாதம் உடனே 15, 20 டிகிரி மேலே வரும். அதே நிலையில் 3 வாரம் கட்டு. அதற்குள் இடைவெளியில் புது நாண் வளர்ந்து இணைந்துவிடும். இப்போது உங்கள் பையனுக்கு இருப்பது அறுபட்ட நாண் இல்லை, நீளமாக வளர்ந்த நாண்.

இத்தனை உழைப்பால் கிடைத்த நிலையைக் காவல் காப்பதுதான் அந்தக் கம்பி ஷூ. கட்டு பிரித்த முதல் மூன்று மாதம் ஒரு நாளுக்கு 23 மணி நேரம், குளிப்பாட்ட மட்டும் கழற்றலாம். பிறகு இரவுத் தூக்கமும் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 14 மணி நேரம், நான்கு வயது வரை. உங்கள் பையன் இப்போது இந்த இரண்டாவது கட்டத்தில் இருக்க வேண்டும். விழித்திருக்கும்போது கால் வெறுமனே இருக்கலாம், தவழலாம், நிற்கலாம். ஒரு கால்தான் வளைந்தது, ஏன் இரண்டையும் பூட்ட வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்க எதிர்ப்பக்கம் ஒரு பிடிமானம் வேண்டும், அதை இடது கால் தருகிறது. கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம். வளைந்த பாதத்தின் ஷூ 60 முதல் 70 டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், நல்ல பாதத்தினுடையது 30 முதல் 40. ஒரு கம்பியும் இல்லாத தனி ஷூவோ, முழங்காலுக்குக் கீழே மாட்டும் பிளாஸ்டிக் அச்சோ இந்த வேலையைச் செய்யாது. பார்க்க எளிதாக இருக்கிறது என்று அவற்றுக்கு மாறிய குழந்தைகள் திரும்பக் கட்டுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டும் விதத்தைச் சொல்கிறேன். மெல்லிய பருத்தி சாக்ஸ் போடுங்கள், தடித்த சாக்ஸ் போட்டால் குதிகால் வழுக்கும். நழுவுகிற வலது காலை முதலில் மாட்டுங்கள், ஏனென்றால் குழந்தை இரண்டாவது ஷூவைத்தான் உதைத்துத் தள்ளும். முழங்காலை மடக்கி, குதிகால் ஷூவின் பின்சுவரில் முட்டும் வரை உள்ளே இறக்குங்கள். கணுக்காலின் முன்னால் குறுக்கே வரும் வாரை முதலில் இறுக்குங்கள், குதிகாலைப் பிடித்து வைப்பது அதுதான். லேஸ் அப்புறம். குதிகால் சரியாக உட்கார்ந்த ஒரு நாளில், விரல் நுனி எங்கே வருகிறது என்று ஷூவுக்குள் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விரல் கோட்டுக்குப் பின்னால் போனால் குதிகால் மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்போதும் நழுவினால் வாரை இன்னும் ஒரு துளை இறுக்கலாம், ஷூவின் நாக்கை எடுத்துவிட்டும் மாட்டிப் பார்க்கலாம். மாட்டியதும் கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள். கால்களைச் சேர்த்து உதைக்கக் கற்றுக்கொண்டால் குழந்தை கம்பியோடு சண்டை போடாது. லேசான சிவப்பு பரவாயில்லை. குதிகாலின் பின்பக்கம் பளிச்சென்ற சிவப்போ கொப்புளமோ வந்தால், ஷூ தளர்வாக இருந்து தேய்க்கிறது. அதற்கு எண்ணெயோ கிரீமோ தடவாதீர்கள், தோல் இன்னும் இளகிவிடும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு குழந்தையைச் சொல்கிறேன். விசைத்தறிக் குடும்பத்துப் பெண் குழந்தை, இடது பாதம், 12 நாளில் கொண்டுவந்தார்கள். வளைவின் கடுமையை ஆறு அடையாளங்களை வைத்துக் கணக்கிடும் பிரானி மதிப்பெண்ணில் ஆறுக்கு ஐந்தரை. மூன்றாவது கட்டின் நாலாம் நாள் விரல்கள் கட்டுக்குள் மறைய ஆரம்பித்தன. அந்த அம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கட்டை அவிழ்த்து, மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். அது மிகச் சரியான காரியம். நழுவிய கட்டு பாதத்தைக் கெடுக்கும், இன்னொரு வாரம் விட்டிருந்தால் பாதம் வீங்கிக் குட்டையாகி, வேறு விதமான சிகிச்சை தேவைப்படும் பாதமாக மாறியிருக்கலாம். ஐந்து கட்டில் பாதம் வெளியே திரும்பியது. ஏழாம் வாரம் வெட்டு, பத்தாம் வாரம் ஷூ. முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் போட்டார்கள்.

எட்டாம் மாதம் ஷூ சிறுத்துவிட்டது. விரல்கள் விளிம்பில் மடங்கின, குழந்தை அழுதது. திருத்தணியில் ஒரு கல்யாணம் வந்தது. அது முடியட்டும் என்று கழற்றிய ஷூ ஐந்து மாதம் பரணிலேயே கிடந்தது. நடக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது: குதிகால் தரையில் படவில்லை, பாதத்தின் வெளி விளிம்பில் எடை விழுந்தது. மறுபடி மூன்று கட்டு போட்டோம், பாதம் செங்கோணத்தைத் தாண்டாததால் மருத்துவர் நாணை இரண்டாம் முறை வெட்டினார். அதன் பிறகு அந்தக் குடும்பம் ஷூவை விடவில்லை. அப்படியும் மூன்று வயதுக்கு மேல், காலைத் தூக்கும் போதெல்லாம் உள்ளங்கால் உள்பக்கமாகப் புரண்டது. பாதத்தை மேலே தூக்கும் முன்பக்கத் தசையின் நாணை வெளிப்பக்கம் மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை நான்கு வயதில் நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறாள். ஐந்து மாத இடைவெளி இல்லாமல் இருந்திருந்தால் இந்த இரண்டும் தேவைப்படாமலே போயிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சொல்ல முடியாததையும் பிரித்து வைக்கிறேன். ஷூவை விடுவதுதான் திரும்ப வளைவதற்கான மிகப் பெரிய காரணம் என்பதில் சந்தேகமே இல்லை. அயோவாவில் இருந்து 2004இல் வந்த அறிக்கை ஒன்றில், சொன்னபடி போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கும், போடாதவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கும் திரும்ப வளைந்தது. எல்லா ஊரிலும் இதே எண் வராது, ஆனால் திசை எல்லா இடத்திலும் இதுதான். ஒழுங்காகப் போட்டும் சில குழந்தைகளுக்கு வளைவது உண்டு. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு பரிசோதனையும் இல்லை. நான்கில் நிறுத்துவதா, ஐந்து வரை போவதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கெண்டைக்கால் கொஞ்சம் ஒல்லியாகவும் பாதம் சற்றுச் சிறியதாகவும் எப்போதும் இருக்கும். எந்தச் சிகிச்சையும் அதை மாற்றாது, நடக்கவும் ஓடவும் அது தடையில்லை.

புத்தூர் கட்டைப் பற்றி. முறிந்த எலும்பை அசையாமல் வைத்துக் கூட வைப்பது அங்கே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கை. உங்கள் மாமியார் அதை நம்புவதில் தவறில்லை, எங்கள் வீட்டிலும் போயிருக்கிறார்கள். ஆனால் உங்கள் பையனுக்கு எதுவும் முறியவில்லை, கூட வேண்டியதும் எதுவும் இல்லை. சுருங்கப் பார்க்கும் திசுவை ஒவ்வொரு இரவும் நீட்டிய நிலையில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நேரான பாதத்தை ஒரே நிலையில் இறுக்கிக் கட்டினால் கணுக்கால் அசைவு குறையும், கட்டு அவிழ்ந்த மறுநாளே சுருக்கம் தன் வேலையைத் தொடங்கும். இதை அவருக்கு வார்த்தையில் விளக்குவதைவிட, மேலே சொன்ன சோதனையை இரண்டு காலிலும் அவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். கையில் அந்த வித்தியாசத்தை உணர்ந்த பாட்டிகள்தான் எங்கள் கிளினிக்கில் ஷூ மாட்டுவதில் மற்ற எல்லோரையும்விடக் கண்டிப்பாக இருந்தார்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது ஷூவையும் கம்பியையும் கையோடு கொண்டுபோய், அவர்கள் முன்னால் நீங்களே மாட்டிக் காட்டுங்கள். எங்கே தவறுகிறது என்று அப்போதுதான் தெரியும். கட்டுகளின் தேதி, வெட்டிய தேதி எழுதிய சீட்டுகள் எல்லாம் சேர்ந்தே இருக்கட்டும். நம் பக்கம் ஒரு மாதம் திருப்பதி, அடுத்த மாதம் திருத்தணி என்று மாறிப் போகிறவர்கள் அதிகம், பழைய சீட்டு இல்லாவிட்டால் புதிதாகப் பார்ப்பவருக்குப் பாதம் இறங்கியிருக்கிறதா என்று ஒப்பிட வழியில்லை. ஷூவுக்குப் பணம் பிரச்சினை என்றால் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரமம் என்ற மத்திய அரசுத் திட்டத்தைக் கேளுங்கள், அதன் பிறவிக் குறைகள் பட்டியலில் வளைபாதம் இருக்கிறது. பாதம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று சொன்னால் இடிந்து போகாதீர்கள், ஏழு மாத வயதில் பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டிலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இறங்கவில்லை என்றால் ஷூவின் அளவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் முன்விளிம்பைத் தாண்டி மடங்க ஆரம்பித்தால் அடுத்த அளவு வாங்க வேண்டும், தோள் அகலத்துக்கு ஏற்பக் கம்பியையும் அப்போதே நீட்டிக்கொள்ள வேண்டும்.